தீட்டிய அரிசியும் பெரிபெரியும்: மலாயா தந்த விடையும் அது விட்டுவைத்த ஐயங்களும்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தென்கிழக்காசியாவின் சிறைகளிலும் சுரங்கங்களிலும் கப்பல்களிலும் படைமுகாம்களிலும் ஒரு நோய் பெருகத் தொடங்கியது. முதலில் கால் மரத்துப் போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். குந்தி உட்கார்ந்தவரால் கை ஊன்றாமல் எழ முடியாது. சிலருக்கு நோய் நரம்போடு நின்றது; அவர்கள் உடல் வற்றிப் படுக்கையில் விழுந்தார்கள். வேறு சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, மூச்சுத் திணறி, இதயம் நின்றுபோனது. நேற்றுவரை வேலை செய்த ஆள் இன்று இறந்து கிடப்பதும் நடந்தது. பெரிபெரி என்ற இந்த நோய் பழைய சீன, சப்பானிய மருத்துவ நூல்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது கொள்ளைநோயின் அளவை எட்டியது நீராவி ஆலைகளில் தீட்டிய வெள்ளை அரிசி கப்பல் கப்பலாக விற்பனைக்கு வந்த காலத்தில்தான்.

அரிசியைத் தீட்டும்போது தயமின் என்ற வைட்டமின் தவிட்டோடு போய்விடுகிறது, அது இல்லாததால் நோய் வருகிறது என்பது இன்று பள்ளிப் பாடம். பாடம் தவறல்ல. ஆனால் அது இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறது. நோய் அரிசியோடு தொடர்புடையதா என்பது ஒன்று. அந்த அரிசி என்ன செய்கிறது, அல்லது எதைச் செய்யத் தவறுகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1907 வாக்கில் மலாயாவில் ஓரளவு உறுதியான விடை கிடைத்துவிட்டது. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டே, இரண்டாம் கேள்விக்கு மூன்று முரண்பட்ட பதில்களைச் சொல்ல முடிந்தது. அந்த இடைவெளி எப்படி மூடியது, எங்கே இன்னும் முழுதாக மூடவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்ணா, தொற்றா, புரதமா?

அரிசியின் மேல் சந்தேகம் விழுவதற்கு முன் மருத்துவர்கள் பெரும்பாலும் இடத்தையே குற்றம் சொன்னார்கள். நோய் சில கட்டடங்களை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஊரில் அதே காலத்தில் ஒருவருக்கும் இல்லை. ஈரமான தரை, நெரிசலான கொட்டடி, கெட்ட காற்று ஆகியவை காரணமாகத் தோன்றியது இயல்பு. நுண்ணுயிரியல் எழுந்த பிறகு அதே பார்வை தொற்றுக் கொள்கையாக வடிவம் மாறியது. டச்சு அரசு 1886இல் பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்ற இருவரைச் சாவகத் தீவுக்கு அனுப்பியது அந்தக் கிருமியைத் தேடத்தான். இக்கொள்கைக்கு ஒரு வலு இருந்தது. ஒரே கட்டடத்தில் பலருக்கு ஏன் வந்தது என்பதை அது விளக்கியது. அதன் ஓட்டையும் அங்கேதான். ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் ஒரே காற்றை மட்டும் சுவாசிப்பதில்லை, ஒரே உலைச்சோற்றையும் உண்கிறார்கள்.

உணவின் பக்கம் முதலில் துணிந்து கைகாட்டியவர் சப்பானியக் கடற்படை மருத்துவர் தக்காக்கி கனேஹிரோ. 1882–83இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலின் நீண்ட பயணத்தில் 376 பேரில் 169 பேருக்கு நோய் கண்டது. 25 பேர் இறந்தார்கள். 1884இல் ட்சுக்குபா என்ற கப்பலை ஏறக்குறைய அதே வழியில் உணவை மாற்றி அனுப்பச் செய்தார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி முதலியவற்றைக் கூட்டினார். இந்த முறை பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் கடற்படையில் அரிசியோடு வாற்கோதுமை கலந்து கொடுக்கப்பட்டு நோய் அடங்கியது. ஆனால் தக்காக்கி சொன்ன காரணம் புரதக் குறைவு. மாவுச்சத்துக்கு ஈடான அளவு புரதம் இல்லை என்பது. வாற்கோதுமை புரதத்தை அவ்வளவாகக் கூட்டிவிடாது என்பதை எவரும் கணக்கிட்டுக் காட்டலாம். தரைப்படையின் மருத்துவ மேலிடம் அதைத்தான் செய்தது. கொள்கை தவறு என்று கண்டதும் அதன்மேல் நின்ற மருந்தையும் சேர்த்தே ஒதுக்கியது. 1904–05இன் ருசியப் போரில் சப்பானியத் தரைப்படை பெரிபெரிக்குப் பலி கொடுத்தவர்கள் ஏறக்குறைய 27,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. தவறான காரணம் சொல்லி ஒருவர் சரியான மருந்தைக் கொடுத்தார். அந்தக் காரணத்தைச் சரியாகவே மறுத்தவர்கள் மருந்தைத் தவறவிட்டார்கள்.

பட்டாவியாவின் கோழிகள்

கிருமி தேடிய குழு திரும்பிய பிறகு பட்டாவியாவில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் ஐக்மான். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் இழுத்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. இடையில் மாறியது தீனி ஒன்றே. படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் படைக்குரிய அரிசியைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததும் அவை பழைய தீனிக்குத் திரும்பின, நோயும் போயிற்று. இது மனிதருக்கும் பொருந்துமா என்று அறிய சாவகத்தின் சிறைகளைப் பார்வையிட்ட மருத்துவ ஆய்வாளர் ஃபோர்டர்மான் தகவல் திரட்டினார். உமி மட்டும் நீக்கிய அரிசி கொடுத்த 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி கொடுத்த 51 சிறைகளில் 36இல் இருந்தது. இரண்டும் கலந்து கொடுத்த 13இல் 6.

ஐக்மான் இதிலிருந்து எடுத்த முடிவு பற்றாக்குறை அன்று, நஞ்சு. மாவுச்சத்து குடலில் ஒரு நஞ்சை உண்டாக்குகிறது, தவிட்டுத் தோலில் அதற்கு முறிவு இருக்கிறது என்றார். இன்று இது வலிந்த விளக்கமாகத் தெரியலாம். ஆனால் நோய் என்றாலே ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்பட்ட காலம் அது. இல்லாத ஒரு பொருளால் ஆள் சாக முடியும் என்பதற்குத்தான் அப்போது கூடுதல் சான்று தேவைப்பட்டது. அவருக்குப் பின் வந்த கெரிட் கிரெய்ன்ஸ் 1901இல் அந்தச் சான்றின் முதல் பகுதியைத் தந்தார். உயர் வெப்பத்தில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியை மட்டும் தின்ற கோழிகளுக்கும் அதே நரம்பு நோய் வந்தது. அரிசியும் இல்லை, மாவுச்சத்தும் இல்லை, ஆனாலும் நோய். பாசிப்பயறு கொடுத்தால் நோய் தடுக்கப்பட்டது. நரம்பு மண்டலம் இயங்கத் தேவையான ஏதோ ஒன்று சில உணவுகளில் இருக்கிறது, அது சூட்டில் அழிகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். டச்சு மொழியில் வெளிவந்த இக்கருத்து ஆங்கிலேய மலாயாவுக்கு எட்டக் காலம் பிடித்தது. அங்கே அதே கேள்வி வேறொரு பக்கத்திலிருந்து எழுந்திருந்தது.

ஒரே நாடு, மூன்று அரிசி

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் கவனித்தது இதுதான். ஒரே தட்பவெப்பம், ஒரே கொசு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் பெரிபெரி ஆளைப் பார்த்து வந்தது. வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். சிற்றூர்களில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்கு அது அரிது. கடல் கடந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களுக்கும் அரிது. தமிழர்கள் சீனர்களைவிட நல்ல வீட்டில் வாழ்ந்தார்கள் என்றோ, கூடுதல் கூலி வாங்கினார்கள் என்றோ சொல்ல முடியாது. தோட்ட லயங்களில் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. பெரிபெரி மட்டும் விட்டுவைத்தது.

வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனத் தொழிலாளிக்குச் சுரங்க முதலாளி முன்பணக் கணக்கில் கொடுத்தது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் தம் நெல்லை நெல்லாகவே சேமித்து, வேண்டும்போது வீட்டு உரலில் குத்திக்கொண்டார். அதுவும் பச்சரிசியே, ஆனால் கைக்குத்தல். தமிழருக்குப் புழுங்கலரிசி வேண்டும், அதைத் தருவித்துக் கொடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு குத்தியது அல்லது ஆலையில் கொடுத்தது அது. அது ஆலையரிசியாக இருந்தாலும், பழைய சரக்காக இருந்தாலும் நோய் வரவில்லை.

பிராடன் 1907இல் இதையெல்லாம் பெரிய நூலாக வெளியிட்டார். அவருடைய விளக்கம் இப்படி: உமி போன அரிசி கிடங்கில் கிடக்கும்போது அதில் ஒரு பூஞ்சை வளர்ந்து நஞ்சைத் தருகிறது. மலாய்க்காரர் அன்றன்றைக்குக் குத்துவதால் அவர் அரிசியில் நஞ்சு சேர நேரமில்லை. தமிழரின் நெல் அவிக்கப்படுவதால் பூஞ்சை செத்துவிடுகிறது. மலாயாவில் அன்று கிடைத்த தரவுகள் எதையும் இக்கொள்கை விட்டுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மலாய்க்காரரின் அரிசி இரண்டு வகையில் சயாம் அரிசியிலிருந்து வேறுபட்டது. அது புதியது, குறைவாகத் தீட்டியதும்கூட. இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்ததால், எது காத்தது என்று பார்வையால் மட்டும் பிரித்துச் சொல்ல வழியில்லை. பிராடன் புதுமையைத் தேர்ந்தார். தீட்டலைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது பின்னால் வந்தவர்களுக்கு எளிது.

தமிழரைப் பற்றிய வாதத்திலும் இதே சிக்கல் உண்டு. தமிழர் சோற்றோடு பருப்பும் புளியும் மிளகாயும் சேர்த்துக்கொண்டார். காத்தது புழுங்கலரிசியா, பருப்பா? கூலிக்காரரின் குழம்பில் பருப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று ஐயப்படலாம்தான். ஆனாலும் மக்கள் குழுக்களை ஒப்பிட்டு மட்டும் அந்த எதிர்வாதத்தை மறுக்க முடியாது. ஒரே கறி, ஒரே கூரை, அரிசி மட்டும் வேறு என்ற நிலை தேவைப்பட்டது.

கோலாலம்பூர் காப்பகம்

அந்த நிலை கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் கிடைத்தது. அங்கே பெரிபெரி பரவி உள்ளிருப்போர் இறந்துகொண்டிருந்தார்கள். வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவருக்கு அரிசிக் கொள்கையில் பெரிய நம்பிக்கை இல்லை. அதைச் சோதித்துத் தள்ளிவிடவே எண்ணினார் என்று தோன்றுகிறது. 1905இன் இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கும் இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்க்கட்டடத்துக்கும் போனார்கள். ஒரு பக்கம் தீட்டிய சயாம் பச்சரிசி, மறு பக்கம் புழுங்கலரிசி, மற்றதெல்லாம் ஒன்றே. பச்சரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவர். இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் இல்லை. கட்டடம் காரணமோ என்ற ஐயத்துக்கு இடம் தராமல் நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியோடு போயிற்று.

இந்த 18 பேரிடம் எவரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது, கேட்கவும் இல்லை. பெரிபெரி ஆய்வின் தெளிவான எண்கள் பலவும் சிறைகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் கிடைத்தவை. அங்கேதான் ஓர் ஆளின் மொத்த உணவையும் இன்னொருவர் தீர்மானித்தார், நோயும் அதனால்தான் அங்கே இருந்தது. சோதனைக்கு வசதியான அதே நிலைதான் நோய்க்கும் வசதி.

ஃபிளெச்சர் தம் முடிவை எழுதிய விதம் கவனத்துக்குரியது. தீட்டிய பச்சரிசி நேராகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதற்கு மூன்று வழிகளையும் திறந்தே வைத்தார். அரிசியில் நஞ்சு இருக்கலாம். அரிசியில் சத்துக் குறைவாக இருக்கலாம். அந்த அரிசி உடலைத் தளர்த்தி வேறொரு கிருமிக்கு இடம் கொடுக்கலாம். அவருடைய எண்கள் மூன்றுக்கும் சமமாகப் பொருந்தின. புழுங்கலரிசி காக்கிறது என்று காட்டுவது வேறு, ஏன் காக்கிறது என்று காட்டுவது வேறு. இந்த எல்லையைத் தாண்டாமல் நின்ற ஃபிளெச்சர் தம் காலத்தவர் பலரைவிடக் கவனமானவர்.

தவிடு பேசியது

அடுத்த அடியை எடுத்தவர்கள் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர். 1907 முதல் நெகிரி செம்பிலானின் டூரியான் டிப்புஸ் என்ற காட்டுப் பகுதியில் சாலை போட வந்த ஏறக்குறைய 300 சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். ஏறக்குறைய 3 மாதத்தில் முதல் பிரிவில் நோய் தலைகாட்டியது. புழுங்கலரிசிப் பிரிவினரை நோய் கண்ட குடிசைகளுக்கே மாற்றினார்கள், அவர்களுக்கு வரவில்லை. முதல் பிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் புதிய நோயாளிகள் தோன்றுவது நின்றது. பிறகு அரிசியை நேர்மாறாக மாற்ற, இதுவரை நலமாக இருந்தவர்கள் விழுந்தார்கள். இத்தொழிலாளர்கள் தமிழர் அல்லர், அவர்கள் உணவில் தமிழர் குழம்பும் இல்லை. பருப்பு வாதம் இங்கே வலுவிழந்தது.

நஞ்சு வாதம் இன்னும் நின்றது. அதை அவர்கள் கோழிகளிடம் கொண்டுபோனார்கள். முதல் கேள்வி: பழமையா, தீட்டலா? புதிதாக ஆலையில் தீட்டி, கிடங்கில் வைக்காமல் உடனே கொடுத்த வெள்ளை அரிசியும் கோழிகளை வீழ்த்தியது. பூஞ்சைக்கு அவகாசமே இல்லை. பிராடன் கொள்கையின் நடுத்தூண் இதில் சாய்ந்தது. இரண்டாவது: புழுங்கலரிசியைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை எடுத்துவிட்டால் எஞ்சிய அரிசி கோழிகளுக்கு நோய் தந்தது. அரிசியில் எதையும் சேர்க்கவில்லை, எடுக்க மட்டுமே செய்தார்கள். மூன்றாவது: தீட்டும்போது உதிர்ந்த தவிட்டை வெள்ளை அரிசியோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஐக்மானின் முறிவுக் கொள்கையையும் காப்பாற்றலாம். ஆனால் அரிசியே இல்லாத கிரெய்ன்ஸின் இறைச்சிக் கோழிகளையும் கூட வைத்தால் அந்த வழியும் அடைபடுகிறது.

அந்தப் பொருள் என்ன என்று தெரியாதபோதே அவர்கள் ஒரு நடைமுறை அளவையை உருவாக்கினார்கள். அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது ஆபத்தான அரிசி. பாஸ்பரஸ் நோயைத் தடுப்பதில்லை. தடுக்கும் பொருள் உறையும் அதே தோலடுக்குகளில் அதுவும் உறைவதால், எவ்வளவு தோல் எஞ்சியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக அதன் அண்டைவீட்டாரை அளந்தார்கள். புழுங்கலரிசிக்கு இந்த அடையாளம் முழுதும் பொருந்தாது; அங்கே தடுக்கும் பொருள் தோலைவிட்டு உள்ளே போயிருக்கும்.

பட்டாவியாவில் யான்சன், டோனாத் இருவரும் 1926இல் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் அதன் கட்டமைப்பை நிறுவி ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். தயமின் என்ற பெயர் நிலைத்தது.

எவ்வளவு போகிறது, எவ்வளவு வேண்டும்

நெல்மணியில் தயமின் எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மணியின் ஒரு முனையில் உள்ள கருவும், அதை மாவுப்பகுதியோடு இணைக்கும் மெல்லிய கேடயமும் எடையில் மிகச் சிறியவை. ஆனால் அந்தக் கேடயத்தில் மட்டும் மொத்தத் தயமினில் பாதி அளவு இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தவிட்டுத் தோலில். வெள்ளை மாவுப்பகுதிக்குக் கிடைப்பது சொற்பம். பச்சரிசியைத் தீட்டும்போது முதலில் உதிர்வது கரு. ஆகவே எடையில் பத்தில் ஒரு பங்கைத் தவிடாக இழக்கும் அரிசி, தயமினில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிடுகிறது.

உழைப்பாளி ஒருவர் நாளுக்கு 600 கிராம் அரிசி உண்பதாகக் கொள்வோம். அது ஏறக்குறைய 2,100 கலோரி. நன்கு தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 0.07 மில்லிகிராம் தயமின் என்றால் நாளுக்கு 0.42. அரிசியைக் களைந்து கழுநீரைக் கொட்டி, வெந்ததும் கஞ்சியை வடித்தால் அதில் பாதி போகலாம், எஞ்சுவது 0.2. உடல் மாவுச்சத்தை எரிக்கத் தயமின் தேவைப்படுவதால் தேவையைக் கலோரியோடு சேர்த்தே கணக்கிடுவது வழக்கம். 1,000 கலோரிக்கு 0.3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து நெருங்குகிறது என்று கொள்ளலாம். இந்த உழைப்பாளிக்குக் கிடைப்பது 0.1. சோற்றைக் கூட்டிக்கொள்வதால் அவர் தப்ப முடியாது. சோறு கூடும்போது தேவையும் கூடுகிறது.

அதே 600 கிராம் புழுங்கலரிசியாக இருந்தால் 100 கிராமுக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் 1.2 கிடைக்கும். ஊறும்போதும் அவியும்போதும் நீரில் கரைந்த தயமின் தோலிலிருந்து மாவுக்குள் இறங்குகிறது. மாவு வெந்து இறுகுவதால் கருவின் கேடயமும் மணியோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே தீட்டினாலும் குறைவாகவே போகிறது, களைந்தாலும் குறைவாகவே போகிறது. கைக்குத்தல் பச்சரிசியிலும் தொடக்கத்தில் அதே அளவு இருக்கலாம். ஆனால் அதன் தயமின் வெளித்தோலில் இருப்பதால் களையும்போது நிறையவே கரைந்துவிடும்; 0.7 அளவுக்கு இறங்கினால் 1,000 கலோரிக்கு 0.33. மலாய்க்காரர் தப்பினார், ஆனால் கரையோரமாக. தமிழர் நல்ல இடைவெளியில் தப்பினார். இவை தோராயக் கணக்குகளே. நெல் வகை, தீட்டிய அளவு, களையும் பழக்கம் எல்லாம் எண்களை மாற்றும். ஆனால் மூன்று அரிசிகளின் வரிசை மாறாது. உடலின் தயமின் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், டூரியான் டிப்புஸில் நோய் தோன்ற 3 மாதம் ஆனதும் வியப்பாக இராது.

நம் முன்னோர் அறிந்தே நெல்லை அவித்தார்கள் என்ற பெருமைப் பேச்சு இங்கே எழக்கூடும். அவித்த நெல் குத்தும்போது நொய் குறையும், அரிசியைப் பூச்சி எளிதில் தாக்காது. இந்தக் காரணங்களே அப்பழக்கத்துக்குப் போதும். பெரிபெரி வராமல் போனது விலை கொடுக்காமல் வந்த நன்மை. பழைய சென்னை மாகாணத்திலேயே இதற்கு மறுபக்கம் உண்டு. குன்னூர் உணவு ஆய்வுக்கூடத்தில் இருந்த ஐக்ராய்டும் உடனிருந்தவர்களும் 1930களில் ஆராய்ந்தபோது, மாகாணத்தின் வடக்கே ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில்தான் பெரிபெரி வேர்கொண்டிருந்தது. அங்கே மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி.

ஆலை மட்டும் காரணமா?

இவ்வளவுக்குப் பிறகும் குற்றத்தை முழுக்க ஆலையின்மேல் போட முடியாது. முதல் தடை வரலாற்றிலிருந்து வருகிறது. நீராவி ஆலைகளுக்கு வெகு முன்பே சப்பானின் எடோ நகரில் பெரிபெரி நகரத்து நோயாகப் பெயர் பெற்றிருந்தது. உரலில் நெடுநேரம் குத்தினால் கையாலும் அரிசியை வெள்ளையாக்கலாம். கூலி கொடுக்க முடிந்தவர்கள் அப்படியே செய்தார்கள். ஆலை புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, வசதியானவரின் அரிசியை ஏழைக்கும் மலிவாக்கியது. வசதியானவருக்குச் சோற்றோடு மீனும் பயறும் வாங்கக் காசு இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு அரிசி மட்டுமே வந்தது.

இரண்டாவது தடை: அரிசியே இல்லாத நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி இருந்தது. குளிர்காலம் முழுதும் வெள்ளைக் கோதுமை மாவை நம்பியிருந்த மீனவக் குடும்பங்கள் அவை. ஆகவே நோயின் வேர் அரிசியில் இல்லை. கருவும் தோலும் நீக்கிய ஒரே தானியம் உணவில் மிகப் பெரிய பங்கை எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. மூன்றாவது தடை இதன் மறுமுனை: வெள்ளைப் பச்சரிசி உண்டும் நோயறியாதவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். 100 கிராம் பாசிப்பயற்றில் சுமார் 0.6 மில்லிகிராம் தயமின் உண்டு. சமையலில் கொஞ்சம் போனாலும் அது மேலே சொன்ன உழைப்பாளியின் கணக்கை ஆபத்தின் விளிம்புக்கேனும் மேலேற்றிவிடும்.

இத்தடைகள் அரிசிக் கொள்கையை வீழ்த்துவதில்லை, அதன் வடிவத்தைத் திருத்துகின்றன. நோய் பெருக மூன்று நிலைகள் சேர வேண்டும். நெல் தொலைவில் தீட்டப்பட வேண்டும், ஏனென்றால் தவிட்டின் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுப்பதால் தீட்டாத அரிசி நெடும்பயணத்தைத் தாங்காது. அதை உண்பவர் தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாதவராக இருக்க வேண்டும். அந்தச் சோற்றுக்கு மேல் அவருக்குக் கிடைப்பது மிகச் சிறிதாக இருக்க வேண்டும். தீட்டிய அரிசி பிரதான உணவான இடங்களிலெல்லாம் இம்மூன்றும் சேரவில்லை. சேர்ந்த இடங்கள் சிறை, சுரங்கம், கப்பல், காப்பகம், பாசறை. நோயின் வரைபடமும் பெரும்பாலும் அதுவே.

இன்னும் தீராதவை

ஃபிளெச்சரின் காப்பகத்தில் ஒரே அரிசியை ஒரே அளவில் உண்டவர்களில் பெரும்பாலோர் ஏன் தப்பினார்கள்? வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கடும் உழைப்பும் தேவையைக் கூட்டும் என்பது தெரிந்ததே. ஆயினும் ஒருவருக்கு நரம்பும் மற்றொருவருக்கு இதயமும் ஏன் முதலில் தாக்கப்படுகின்றன என்பதற்கு முழு விளக்கம் இல்லை. உடலுழைப்பு மிகுந்தவருக்கு இதயம் என்ற பொதுவிதி உண்டு. விதிவிலக்குகளும் நிறைய உண்டு. உண்ட தயமின் எல்லாம் உடலுக்குக் கிடைக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. வேகாத சில மீன் வகைகளில் அதைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தேநீரிலும் பாக்கிலும் அதைச் செயலிழக்கச் செய்யும் பொருள்கள் உள்ளன. தாய்லாந்து போன்ற இடங்களில் பற்றாக்குறைக்கு இவை எவ்வளவு காரணம், அரிசி எவ்வளவு காரணம் என்று பிரிப்பது எளிதாக இல்லை. தாய்ப்பால் குடிக்கும் சில மாதக் குழந்தைகளுக்கு வரும் பெரிபெரி கம்போடியா, மியன்மார் பகுதிகளில் அண்மைக் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. அங்கே தாய்க்கு நோய்க்குறி தெரியாமலேயே குழந்தை இறக்கலாம் என்பதால் வயதுவந்தவருக்கு வகுத்த எல்லைக்கோடு தாயின் உணவுக்குப் போதுமா என்பது ஐயத்துக்குரியது.

பிராடனின் பூஞ்சையும் முற்றாகச் சாகவில்லை. மஞ்சள் பூத்த அரிசியில் வளரும் ஒருவகைப் பெனிசிலியம் சிட்ரியோவிரிடின் என்ற நஞ்சைத் தருகிறது என்றும், அது விலங்குகளில் மூச்சையும் இதயத்தையும் வீழ்த்தி, திடீர் இதயப் பெரிபெரியை ஒத்த நிலையைத் தருகிறது என்றும் சப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பூஞ்சை பிடித்த அரிசியின் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டபோது சப்பானில் அவ்வகைச் சாவுகள் குறைந்தன என்று அவர்கள் வாதிட்டார்கள். அதே ஆண்டுகளில் சப்பானியரின் உணவும் மாறிக்கொண்டிருந்தது; மலாய்க்காரரின் உரலில் புதுமையும் குறைந்த தீட்டலும் சேர்ந்தே வந்ததைப் போன்ற சிக்கல்தான் இதிலும். பெரிபெரியின் பெரும்பகுதியைத் தயமின் பற்றாக்குறை விளக்குகிறது என்பதில் இன்று ஐயம் கொள்ளக் காரணமில்லை. பழைய பதிவுகளில் பெரிபெரி என்று எழுதப்பட்ட சாவுகள் எல்லாமே அதுதானா என்பதை, இறந்தவர்களின் உடல் திசுக்களோ அவர்கள் உண்ட அரிசியோ கையில் இல்லாத நிலையில், இனி முடிவாகச் சொல்வது கடினம். சிட்ரியோவிரிடின் அங்கங்கே துணைக்காரணமாக இருந்திருக்கலாம் என்ற அளவில் அக்கருத்தை நிறுத்திவைப்பதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.